கை மட்டும் ஓடக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசினேன்.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாயாடுகிறேனே தவிர, நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்திலேயே... சரி, அது வேண்டாம்.

என் மகன் செல்வத்துக்கு மெட்ராஸில் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வாய்ப்பாட்டு, மூன்று வருஷம். புதன்கிழமைக்குள் சேர வேண்டும். சேதி கேட்டு, சுண்ணாம்புக்குளத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் தலைமையில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏரியில் யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்று எங்கள் மீனவ ஊர்களில் முறை உண்டு. அதில் பெயர் சேர்க்க வேண்டிய வயதில் பையனைப் பாட்டுப் படிக்க அனுப்புவதா என்று அவர்களுக்குக் கோபம்.

“பொழுதுபோக்கா பாடட்டும் மாப்ள. அத்தப் போயி மூணு வருசம் படிக்கறதுக்கு இன்னா இருக்குது?” என்றார் மச்சான்.

செல்வம் என்னைப் பார்த்தான். எழுந்துவிட்டேன்.

தேர்வுக்கு அவனோடு போய் ஜன்னலோரம் நின்று பார்த்ததைச் சொன்னேன். தம்பூரா சுருதியில் ஒரு வர்ணம் பாடச் சொன்னார்கள். பிறகு அதையே இரண்டு மடங்கு வேகத்தில். ஆனால், தாளம் போடும் கை பழைய வேகத்திலேயே போக வேண்டும்.

“அவ்ளோதானா?”

“நீங்க செய்ங்க மச்சான். ஒரு தட்டுக்கு ஒரு எண். அப்புறம் கைய மாத்தாம, ஒரு தட்டுக்கு ரெண்டு எண்.”

தொடையில் தட்டி எண்ணினார். வேகம் கூட்டியதும் கையும் கூடவே ஓடியது! அடுத்தவர் முயன்றார், அதற்கடுத்தவர் முயன்றார்... எல்லாருக்கும் கை ஓடியது. ஓடாமல்? ஏலேலோ பாட்டுக் குரல் ஏற ஏற வலையை வேகமாக இழுத்துப் பழகிய கைகள் ஆயிற்றே! சிரிப்பில் கோபம் பாதி கரைந்தது.

“நாலு வருசமா பொன்னேரிக்குப் பாட்டு கத்துக்கப் போயி, மொதல் பாடம் சரளி வரிசையிலேர்ந்து மூணு வேகத்துல பாடித்தான் அவன் கை ஓடாம நின்னுச்சு,” என்றேன்.

“நம்ம ஆளுங்கள அங்க யாரு மதிப்பான்?” என்றார் மச்சான். இப்போது குரல் இறங்கியிருந்தது. அவருக்கு அதுதான் உண்மையான பயம் போலிருக்கிறது.

“ரேடியோ தேர்வுல பாடறவன் பேரையே சொல்ல மாட்டாங்களாம். குரல மட்டும்தான் கேப்பாங்களாம். கச்சேரி கெடைக்கலன்னா, இன்னும் ஒரு வருசம் வாத்தியார் பயிற்சி. ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் ஆயிடலாம். அதுவும் இல்லன்னா, ஏரி எங்கயும் போயிடாது மச்சான். இந்த சீட்டு போயிடும்.”

சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் செல்வத்திடம் கேட்டார்:

“பொட்டி எத்தினிடா? பஸ்ஸுல ஏத்த ஆள் வேணுமில்ல?”

சம்மதம் என்ற சொல்லைச் சிலர் இப்படித்தான் உச்சரிப்பார்கள்!