செவ்வாயும் வியாழனும்

நீங்கள் அந்தப் பாட நேரசூசியை நியாயமாகப் போடவில்லை சேர். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர் இல்லை. எங்கள் கணிதப் பகுதிக்குத் தலைவராக வந்ததிலிருந்து வருடா வருடம் மேசை நிறைய மட்டைத் துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிறம் கொடுத்து, பெரிய தாளில் ஒட்டுவீர்கள். எல்லா நிறமும் ஒரே எண்ணிக்கை வந்துவிட்டால் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஆறாம் ஆண்டுக்குப் பின்னங்கள் படிப்பிக்கும் நாற்பது நிமிடமும், பெருக்கல் வாய்ப்பாடே வராத பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராக்கும் நாற்பது நிமிடமும் உங்கள் தாளில் ஒரே அளவு மட்டை.

அதையாவது விட்டுவிடலாம். மேலதிகக் கடமைகளைப் பிரிக்கிற முறைதான் என்னை மாட்டிவிட்டது. வாயிற்கடமை, விளையாட்டுப் போட்டி, பின்னேர வகுப்பு எல்லாவற்றையும் மூன்றாம் தவணை முடிகிற கிழமையில் ஒரு கூட்டம் வைத்துப் பிரிப்பது எங்கள் பகுதியின் வழக்கம். வந்தவர்கள் முதலில் எடுப்பார்கள். வராதவருக்கு மிஞ்சியது. அந்த வருடம் கூட்டம் நடந்த அன்று நான் தெல்தெனியவில் இருந்தேன். வலயக் கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவரே நீங்கள்தான். பிள்ளைகளோடு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மிஞ்சியது முடிவாகிவிட்டது. பதினோராம் ஆண்டின் கடைசிப் பிரிவு. செவ்வாயும் வியாழனும் மூன்றரை மணிவரை பின்னேர வகுப்பு.

அதே செவ்வாயும் வியாழனும்தான் என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை. பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் மாதங்களில் விடாமல் செய்தால்தான் நடை திரும்பும் என்று சிகிச்சை கொடுக்கும் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். நேரம் இரண்டரை மணி. அம்பிட்டியவில் எங்கள் வீடு பாதைக்கு மேலே, படிகளில் ஏறிப் போகிற இடத்தில் இருக்கிறது. அவரைக் கையில் தாங்கி இறக்கி த்ரீவீலில் ஏற்ற வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் ஓடினால் சரியாகப் போய்ச் சேரலாம். மூன்றரைக்கு விட்டால் முடியாது.

இதையெல்லாம் ஜனவரியிலேயே உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க அன்னைக்குக் கூட்டத்துக்கு வரலைதானே மிஸ்."

"அனுப்பினது நீங்கதானே சேர்."

"அது பாடசாலை வேலை. வராதது வராததுதான். ஒருத்தருக்கு மாத்திக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வீட்டுக் கஷ்டத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. நேரசூசி சிதறிப்போகும்."

கடமையைக் கைமாற்றிக்கொள்வது எங்களுக்குப் புதிதா? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் ஆசிரியர்களுடைய கடமையை நாங்கள் பார்ப்போம். தீபாவளிக்கு முதல்நாள் எங்களுடையதை அவர்கள் பார்ப்பார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் நடக்கிறது.

அதனால் நானே ஒரு வழி தேடினேன். எங்கள் பகுதியில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருக்கிறார். பதினோராம் ஆண்டின் நடுப்பிரிவு அவருடையது. என் வியாழனை மட்டும் எடுத்தால் அவருடைய காலை வாயிற்கடமை முழுவதையும் நான் பார்க்கிறேன் என்று கேட்டேன். கிழமைக்கு ஒரு நாளாவது இவரைக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்கு. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், செய்யலாம். ஆனா என்னட்டப் புதன் ஏற்கெனவே கிடக்குதப்பா. சேரிட்டக் கேட்டுப் பாருங்கோ."

உங்களுக்குப் புதன் இல்லையே என்றேன். புதன் எங்கள் பகுதியின் இன்னொரு ஆசிரியருடையது, டவுனில் டியூஷன் வகுப்பு நடத்துகிறவருடையது. அவருக்குப் புதன் பின்னேரம் டியூஷன் இருக்கிறது, அவருடைய வகுப்பைக் கொஞ்சம் பாருங்கள் என்று நீங்களே இந்த டீச்சரிடம் வந்து சொன்னீர்களாம். தாளில் அவருடைய நிறம் அப்படியே இருக்கும், வகுப்பில் மட்டும் இந்த டீச்சர் நிற்பார். பகுதிக்குள் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்றே வந்து கேட்டேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பொறுமையாக விளக்கினீர்கள்.

"அது வேற, இது வேற மிஸ். அவர் கூட்டத்துக்கு வந்து புதனை ஒத்துக்கிட்டார். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு. உங்கட பிரிவு பலவீனமான பிரிவு. ஆள் மாறினா பெற்றோர் கேள்வி கேட்பாங்க."

நாங்களும் இரண்டு பேரும் பேசித்தானே கேட்கிறோம் என்றேன். இதை ஆசிரியர் கூட்டத்தில் எடுக்க வேண்டாம், தனியாகப் பேசுவோம் என்றீர்கள். தனியாகப் பேசுகிற நாள் வரவேயில்லை.

வகுப்பை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று என் தங்கை கேட்டாள். எப்படிப் போவது? மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பிரிவில் இருந்தார்கள். டியூஷனுக்குப் போக வழியில்லை. நான் போனால் அவர்களுக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை வைத்துத்தான் என்னைக் கட்டிப்போட்டீர்கள். இடமாற்றம் கேட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்தால்தான் விடலாம் என்றார் பாடசாலை அதிபர். ஆள் வரவில்லை. செவ்வாய்ப் பின்னேரம் கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது கண் தானாக மணிக்கூட்டுப் பக்கம் திரும்பும். இப்போது என் கணவருடைய முறை வந்திருக்கும். இப்போது பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன்களைக் கெஞ்சி இரண்டொரு முறை அவரை அவர்களோடு அனுப்பினேன். ஒருமுறை படியில் சறுக்கிவிட்டார். அதன் பிறகு அவர் போக மறுத்துவிட்டார். இரண்டாம் தவணை முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் அவருடைய இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிகிச்சை கொடுத்த அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். வராத நோயாளிக்காக வருகிற நோயாளியைக் காக்க வைக்க முடியாது என்றாள்.

இன்று என் கணவர் கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். வாசலுக்கு வருவதில்லை. காலை நான் படியில் இறங்கும்போது ஜன்னலருகே கதிரையில் இருப்பார். பின்னேரம் வரும்போதும் அங்கேதான். வருடம் முழுக்க நான் விடாமல் எடுத்த வகுப்பில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். அதற்குப் பாராட்டுக் கூட்டத்தில் எனக்குப் பூச்செண்டு கொடுத்தது நீங்கள். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

போன கிழமை அதிபருக்கு முன்னால், அத்தனை ஆசிரியர்களுக்கும் முன்னால், எழுந்து நின்று சொன்னீர்கள்: எங்கள் பகுதியில் கடமைகள் சமமாகப் பிரிக்கப்படுகின்றன, இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

நான் உங்களிடம் வந்தது முறைப்பாடு இல்லையா? புதன் கைமாறலாம், வியாழன் கைமாறக் கூடாது என்பது எந்த முறை? கடமைக்கு நீங்கள் அனுப்பிய ஆளை வராதவர் என்று கணக்கெடுத்தது எப்படிச் சமம்? உங்கள் அறைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள், நான் வரமாட்டேன். முறைப்பாடே இல்லை என்று நீங்கள் எழுந்து நின்று சொன்ன அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், எழுந்து நின்று பதில் சொல்லுங்கள் சேர்.