குணசீலன் துளை போடாத மாடி

பதினோரு வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவர் குணசீலன். பூமியை ஆயிரம் அடி துளைத்த அந்தக் கைக்கு, இப்போது ஒரு மாடியில் அரை அங்குலத் துளை போடவே பயம்.

அதற்குக் காரணம் வாழப்பாடி வீடு. சோலார் வேலைக்கு வந்த புதிதில், அங்கே மாடித் தரையில் பதித்திருந்த தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினார். ஐப்பசி மழையில் துளையின் வழியே இறங்கிய தண்ணீர், தட்டோட்டுக்கு அடியிலேயே ஓடி, பத்தடி தள்ளியிருந்த பூஜை அறையில் சொட்டியது. அந்த வீட்டம்மா சாமி படத்தைத் துடைத்தபடி அவரை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கே மேகம் கறுத்தாலும் குணசீலனுக்கு அந்தப் பூஜை அறைதான் நினைவுக்கு வரும்.

இப்போது சேந்தமங்கலம் பக்கம் வெள்ளியங்கிரியின் வீடு. கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆறு சோலார் தகடும், இருநூறு லிட்டர் சுடுதண்ணி ஹீட்டரும் வேண்டுமாம்.

"ஹீட்டரைக் கன்னி மூலைல வெச்சுடு தம்பி. பாரமெல்லாம் அங்கதான் இருக்கோணும்" என்றார் வெள்ளியங்கிரி.

தென்மேற்கான அந்தக் கன்னி மூலையில், மேடை கட்டி ஆயிரம் லிட்டர் தொட்டி ஏற்கெனவே நின்றது. குணசீலன் கீழே இறங்கி அதற்கு நேர் கீழான படுக்கையறையைப் பார்த்தார். பெரிய அறை. நடுவில் தாங்கச் சுவரோ உத்திரமோ இல்லை. மேற்கூரையில், பெயிண்டுக்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். கட்டிலில் அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரியின் மனைவி சென்னியம்மாள், அவர் கண் போன இடத்தைத் தானும் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, உழுந்துடுமா?"

"உழுகாதுங்கம்மா. ஆனா இதுக்கு மேல ஏத்தக் கூடாதுங்க. தொட்டியே டன்னுக்கு மேல. ஹீட்டர் ரொம்புனா இன்னொரு முந்நூறு கிலோ."

வெள்ளியங்கிரி ஒத்துக்கொள்ளவில்லை. "சாஸ்திரத்த மாத்த நீ ஆருப்பா?"

"மாத்தலீங்க. தொட்டி அங்கயேதான் இருக்குது. ஹீட்டரு அதுல கால்வாசிதான். அடுப்படிச் சுவரும் உத்திரமும் சேர்ற எடத்துல வெச்சாலும், ஊட்டுலயே அதிகப் பாரம் கன்னி மூலைலதானுங்களே?"

"அவரு சொல்றது சரிதானுங்க. அடியில படுக்கறது நாமதான்" என்றார் சென்னியம்மாள். வெள்ளியங்கிரி மீசையைத் தடவினார். "சரி. ஆனா ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னா எல்லாத்தையும் களட்டீட்டுப் போயிரோணும். அப்பறம் இந்த ஊர்ல உனக்கு வேலை இல்ல."

எட்டு காங்கிரீட் கட்டைகளை மாடியிலேயே வார்த்தார்கள். துளையே இல்லை. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பர் விரிப்பு. எல்லாம் சுவருக்கும் உத்திரத்துக்கும் நேர் மேலே. மழைத்தண்ணீர் வடிகுழாய்க்கு ஓட இடைவெளி விட்டு. காங்கிரீட் இறுகக் காத்திருந்து, அதன் மேல் இரும்புச் சட்டத்தை முடுக்கினார். ஆடிக் காற்று தகட்டைத் தூக்கிவிடக் கூடாதென்று அதிகம் நிமிர்த்தாமல், கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளித் தெற்கு பார்த்துச் சாய்த்தார். ஹீட்டரின் கால்களுக்கும் அகலமான கட்டைகள். குழாய் வேலையைத் தன்னோடு வேலை செய்யும் பிளம்பர் டோனியிடம் விட்டார்.

கடைசியாக, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வடிகுழாயை அடைத்து, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினார். இரண்டு நாள் நிற்க வேண்டும். முதல் நாள் காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் காலையில் சென்னியம்மாளின் போன்.

"தம்பி, கட்டலுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்."

நாமக்கல்லிலிருந்து எப்படி வண்டி ஓட்டினாரென்று குணசீலனுக்கே தெரியாது. வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்றார். மாடிப்படியைக் கை காட்டினார்.

தண்ணீரை வடித்துவிட்டு, கட்டை கட்டையாகப் பார்த்தார். குற்றமில்லை. பிறகு குழாயின் ஓரமாகவே குனிந்து போனார். தொட்டியிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாய் ஆடாமலிருக்க ஒரு கிளாம்ப். அதைத் தட்டோட்டில் முடுக்கியிருந்த ஒரே ஒரு திருகாணி.

"டோனி, துளையே வேண்டாம்னு சொன்னேனில்ல?"

"சோலாருக்குத்தானே சொன்னே குணா? இது ஒன்றரை இஞ்சு ஸ்க்ரூதானே" என்ற டோனியின் குரல் பாதியில் இறங்கியது.

அந்த ஒன்றரை அங்குலத்தில் புகுந்த தண்ணீர் பழைய விரிசல் வரை போயிருந்தது. மறைக்கலாமென்று ஒரு நொடி தோன்றியது. குணசீலன் கீழே போய், திருகாணியை வெள்ளியங்கிரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பு எங்களுதுங்க. இது ஒண்ணுதான். சரி பண்ணி மறுபடி தண்ணி கட்டறேன். அப்பவும் ஈரம் வந்தா நானே களட்டறேனுங்க."

வெள்ளியங்கிரி திருகாணியை உருட்டிப் பார்த்தார். "இத்தினியூண்டா?" என்றார்.

துளையைச் சுற்றித் தட்டோட்டை வெட்டியெடுத்து, நான்கு நாள் வெயிலில் காயவிட்டு, நீர்க்காப்புக் கலவையால் அடைத்தார்கள். குழாய் இப்போது திருகாணி இல்லாமல் சின்னக் கட்டைகளின் மேல் படுத்திருந்தது. மறுபடியும் தண்ணீர் கட்டினார்கள். விரிசலை ஓர் இன்ஜினியரிடம் காட்டச் சொன்னார் குணசீலன்.

இரண்டாம் நாள் காலை, சென்னியம்மாள் கட்டிலை ஓரமாக நகர்த்தி ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். குணசீலன் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு மேற்கூரையில் உள்ளங்கையை வைத்தார். பழைய ஈரத்தின் கறை இருந்தது. கையில் ஒட்டியது சுண்ணாம்புத் தூள் மட்டும்.

"காஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார் சென்னியம்மாள்.

குணசீலன் கையை மாற்றி இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "ஆமாங்கம்மா."