மறைத்தது ஈரம்தான்

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

வார நாட்களில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் எனக்கு வேலை. சனி ஞாயிறுகளில் காதுகுத்து, வளைகாப்பு, புது வீட்டுப் பூஜை என்று தெரிந்தவர்கள் கூப்பிடும் இடங்களுக்குப் போய் வீடியோ எடுத்துக் கொடுப்பேன். கேமரா பழையது, ஒருவர் பயன்படுத்தி விற்றது. எல்லாம் கூரைக்குக் கீழே நடக்கிற விசேஷங்கள் என்பதால் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாலாவது மாடியில் இருந்த அங்கிள் ஒரு மாலை வந்து கதவைத் தட்டினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி இறந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம அஸ்தி கரைக்கப் போறோம்மா. பொண்ணு மெல்பர்ன்ல இருக்கா. எட்டாவது மாசம், ப்ளேன் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. முழுசா எடுத்து அனுப்புங்கன்னு அழறா. கடல்ல லைன் கெடைக்குமான்னு தெரியல, அதான் வீடியோ."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் படகில் கேமராவை என்ன செய்வது என்ற பயம் பிடித்தது. இரண்டு இரவுகள் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் மாட்டினேன், உப்புச்சாரல் நேராக லென்ஸில் படாமல் இருக்க. பிளாஸ்டிக் மழையுறை வாங்கினேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நாலைந்தோடு கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினேன். இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று எனக்குள் பெருமைகூட இருந்தது.

காலை ஏழு மணிக்கு அங்கிளின் தம்பி கார் கொண்டுவந்தார். பின்சீட்டில் அங்கிள், மடியில் வெள்ளைத் துணி கட்டிய மண்கலயம். நான் முன்சீட்டில், காலடியில் கேமராப் பை. தம்பி ஏர்கானை முழுதாகத் திருப்பி வைத்திருந்தார். குளிர் நேராக என் பாதத்திலும் பையிலும் வந்து விழுந்தது. எங்கள் சுவா சூ காங்கிலிருந்து மேற்குக் கரைப் படகுத்துறை வரை அது நிற்கவே இல்லை.

படகு கிளம்பியதும் பையைத் திறந்து, கேமராவை எடுத்து, மழையுறையை மாட்டி, பதிவை ஆரம்பித்தேன். திரையில் பால் ஊற்றியது போல இருந்தது.

மழை இல்லை. சாரலும் இல்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. துணியால் ஃபில்டரைத் துடைத்தேன், தெளிந்தது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி வெள்ளை. திரும்பத் துடைத்தேன், திரும்ப வந்தது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டதா? நேற்று வீட்டில் பார்த்தபோது பளிச்சென்று இருந்ததே! ஃபில்டரைக் கழற்றினேன். அதன் உள்பக்கமும் மங்கியிருந்தது. கழற்றியதுதான் தாமதம், லென்ஸே என் கண்ணெதிரே மங்கியது. எந்த வழியாக இதற்குள் தண்ணீர் போனது என்று எனக்குப் புரியவே இல்லை.

அதற்குள் படகோட்டி என்ஜினை நிறுத்திவிட்டார். அங்கிள் கலயத்தைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி ஓரத்துக்கு நகர்ந்தார். தம்பி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நிறுத்துங்கள், கேமரா சரியில்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் கலயத்தின் மேல் குனிந்து, பஸ்ஸில் ஒரு கிழவிக்குச் சொல்வது மாதிரி, "பாத்து எறங்கும்மா. அவசரமில்ல" என்றார். திரையில் இரண்டு சாம்பல் நிழல்கள் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் ஜீன்ஸ் பாக்கெட்டில் கைபேசி இருப்பது நினைவுக்கு வந்தது. எடுத்தேன். அது மங்கவில்லை. அதுவும் ஏன் என்று புரியவில்லை, ஆனால் யோசிக்க நேரமில்லை. எங்கிருந்தோ காற்று எழுந்து மழைத்துளிகள் விழ ஆரம்பித்தன. திரையில் துளி பட்ட இடமெல்லாம் யாரோ விரல் வைத்தது போல அதுவே ஏதேதோ திறந்தது. பதிவுப் பொத்தானைத் தொட்டால் படம் பெரிதானது, சிறிதானது. கடைசியில் பக்கவாட்டில் இருந்த ஒலிப் பொத்தானை அழுத்தினேன், பதிவு ஓடியது. கலயம் நீரில் இறங்கியதும், தூவிய பூக்கள் பிரிந்து போனதும், அங்கிளின் கை வெறுமையாக அப்படியே நீட்டிக்கொண்டிருந்ததும் அதில் இருக்கின்றன. ஒரு அலை படகில் மோதி, என் முழங்கை வரை நனைத்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் கேமராவை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போலத் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கைபேசியை சார்ஜில் போட்டதும், துளையில் ஈரம் இருக்கிறது, ஒயரைக் கழற்று என்று எச்சரிக்கை வந்தது. பேட்டரியில் பதினொரு சதவீதம். கடலில் இறங்கிய காட்சி அந்தக் கைபேசியில் மட்டும்தான் இருந்தது.

"அரிசிக்குள்ள போட்டு வை" என்றார் என் கணவர்.

"ஹேர் டிரையர் அடி லா, ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடும்" என்றாள், கணவரின் போனில் கூப்பிட்டுக் கேட்டபோது, அலுவலகத் தோழி.

யார் சொல்வதைக் கேட்பது? முதலில் காட்சியைக் காப்பாற்றுவோம் என்று வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தபோது நான்கு சதவீதம். கைபேசியை அணைத்து, கேமராவையும் எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறினேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், கேமராவும் கைபேசியும் பழுது பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். என் வயதுதான் இருக்கும். என் கேமராவைத் தெரிந்தவர். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"கார்ல ஏர்கான் போட்டீங்களா?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன பாய்?"

"ஐஸ் காப்பி டம்ளர் வெளிய ஏன் நனையுது? உள்ளேருந்தா தண்ணி வருது? காத்துல இருக்கிற ஈரம் ஜில்லுன்னு இருக்கிற கண்ணாடியில வந்து உக்காருது. நீங்க தொடச்சா போகும், கண்ணாடி ஜில்லுன்னு இருக்கிற வரைக்கும் திரும்ப வந்து உக்காரும்."

"அதுக்குத்தானே பையில போட்டு மூடினேன்!"

"மூடினது சரி. திறந்த நேரம்தான் தப்பு. வெளியில வந்தப்புறம் அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்க விட்டிருந்தா, ஈரமெல்லாம் பை மேல படிஞ்சிருக்கும், கேமரா உள்ள சூடாகியிருக்கும். போன் உங்க பாக்கெட்ல, ஒடம்பு சூட்ல இருந்துச்சு. அதான் மங்கல."

மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் காப்பாற்றினேன். குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைபேசிக்கு அரிசியும் வேண்டாம், சூடான காற்றும் வேண்டாம் என்றார் பாய். அரிசித் தூள் துளைக்குள் போகும், சூடு ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். துளையைக் கீழே பார்க்கப் பிடித்து மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் வைக்க வேண்டும், எச்சரிக்கை போகும்வரை ஒயர் சொருகக்கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டின் மேலும் இருந்த உப்பை அவரே துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கைபேசி ஒழுங்காக சார்ஜ் ஏறியது. மங்கிய பாதியையும் தெளிந்த பாதியையும் ஒட்டி, மன்னிப்பு கேட்டு ஒரு வரி எழுதி, மெல்பர்னுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை அந்தப் பெண் கூப்பிட்டாள். அதற்கு முன் நான் அவளோடு பேசியதில்லை.

"ஆன்ட்டி, உண்மைய சொல்லுங்க. எதுக்கு ப்ளர் பண்ணீங்க?"

"பண்ணலம்மா. கேமராவுல ஈரம் படிஞ்சிருச்சு."

"மழை அப்புறம்தானே வந்துச்சு? சத்தத்துலயே தெரியுது. அப்பா மொகம் வர்ற எடம் மட்டும் எப்படி கரெக்டா ப்ளர் ஆகும்? விழுந்துட்டாரா? மயக்கமா? அப்பா சொல்லித்தானே மறைக்கிறீங்க?"

நான் திகைத்துப்போனேன். ஏர்கான், குளிர், ஐஸ் காப்பி என்று பாய் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது எனக்கே பொய் மாதிரி ஒலித்தது.

"அம்மாவுக்கு என்ன நோய்னு எனக்கு ரெண்டு மாசமா யாருமே சொல்லல, ஆன்ட்டி. வயித்துல புள்ள இருக்குன்னு மறைச்சிட்டாங்க. வெறும் காய்ச்சல்னாங்க. இப்ப இதுவும் ஈரம்ங்கிறீங்க" என்றாள். அப்புறம் அழுதாள்.

"ஒரு ரெண்டு மணி நேரம் குடும்மா. திரும்ப கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று வைத்த பிறகுதான் யோசித்தேன்.

படுக்கையறையில் ஏர்கானின் வெப்பநிலையைக் கடைசி வரை குறைத்து, கேமராவை அதற்கு நேர் கீழே ஸ்டூலில் வைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே அப்போதுதான் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, பாக்கெட்டிலிருந்த கைபேசியில் வீடியோ அழைப்புப் போட்டேன்.

"பாரும்மா. லென்ஸ் சுத்தமா இருக்கா?"

"இருக்கு."

கேமராவைத் தூக்கிக்கொண்டு புளோக்கின் நடைபாதைக்கு ஓடினேன். ஓடும்போதே பயம்: இப்போது பார்த்து மங்காமல் போனால்? கைபேசியின் கண்ணை லென்ஸுக்கு நேராகப் பிடித்தேன். ஓரத்தில் ஒரு சாம்பல் வளையம் தோன்றி, நடுவை நோக்கிப் படர்ந்து, கண்ணாடி முழுவதும் மூடிக்கொண்டது. சாதாரணத் துணியால் துடைக்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் சட்டை நுனியால் துடைத்துக் காட்டினேன். போனது. திரும்ப வந்தது.

எதிர்வீட்டுச் சீன அம்மா துணியை உள்ளே எடுத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சரி ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "அப்பா விழலயா?"

"விழல. நல்லா நின்னாரு. சித்தப்பா புடிச்சிருந்தாரு. அவர் சொன்னது கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு." பிறகு, "அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

அதற்கு என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. நான் அவள் அம்மாவை லிஃப்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. "எனக்குத் தெரியாதும்மா. அப்பாவத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டா இல்லம்பாரு."

வெட்டாத முழுப் பதிவையும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அதில் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே "ஐயோ, என்ன இது, என்ன இது" என்று முணுமுணுப்பதும் இருந்தது. நான் செய்த மற்ற எதையும்விட அவள் அதை நம்பியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அங்கிளைக் கீழே காப்பிக் கடையில் பார்த்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பொண்ணு இப்ப தெனமும் கூப்பிடறாம்மா. ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு, எந்த தேதி, அம்மா என்ன சாப்பிட்டா, என்ன சொன்னா, ஒன்னொன்னா கேக்கறா. விட மாட்டேங்கறா. சொன்னாதான் ஃபோன வைக்கிறா." குரலில் கோபமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நீ என்னம்மா சொன்ன அவகிட்ட?"

"கேமரா ஏன் மங்குச்சுன்னு மட்டும்தான் அங்கிள் சொன்னேன்."

"கேமராவா?" என்று நீண்ட நேரம் என் முகத்தையே பார்த்தார். அவரும் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.