குனியாத முள்

டேராடூனில் சர்வே வேலை பழகிய நானும் திருநெல்வேலிக்கார சகா ஒருவரும், அங்கே பயன்படுத்திய திசைகாட்டியோடு என் ஊரான ராஜபாளையத்துக்கு வந்தோம். மம்சாபுரம் போகும் பாதையோரம் முக்காலியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தால், முள்ளின் தென்முனை சாய்ந்து தட்டில் உரசிக்கொண்டு நின்றது.

"காந்தம் செத்துப் போச்சு அண்ணாச்சி. வேற காந்தத்துல தேய்ச்சு ஏத்திருவோம்" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செத்த நேரம் சும்மா இரும்வே."

பூமியை ஒரு பெரிய சட்டக் காந்தமாக நினைத்துக்கொண்டால், அதன் துருவத்தில் முள் செங்குத்தாக நிற்கும். நடுவில் தரைக்கு மட்டமாகக் கிடக்கும். டேராடூனில் வடமுனை கீழே இழுபடும். அதைச் சமன்செய்ய நாங்களே முள்ளின் தென்பாதியில் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தோம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அந்த இழுப்பு இல்லை என்றே சொல்லலாம். கம்பியின் பாரம்தான் மிச்சம்.

கம்பியை உருவி எறிந்தேன். முள் மட்டமாக மிதந்தது. காந்த இழுப்பு முழுக்க மட்டமாகவே இருந்ததால், டேராடூனில் ஆடியதைவிட விறுவிறுப்பாக ஆடி, வடக்கு நோக்கி நின்றது.

சகா முக்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அங்கதான் அது தலை குனியும்வே" என்றேன். "நம்ம சீமையில எதுக்குக் குனியணும்?"