பாஸ்வேர்டு மெயிலும் கீழ்த்தளத்துக் குரலும்

அந்த அலுவலகத்தில் நானூறு பேருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் முகம் தெரிந்தவர்கள் நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு போன். பதினோரு வருடமாக அவர் வெறும் குரல்தான். "ஹெல்ப்டெஸ்க், சொல்லுங்க" என்பார். கம்ப்யூட்டர் சரியானதும் எதிர்முனையில் போனை வைத்துவிடுவார்கள். நன்றி சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. இவருக்கோ நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வீட்டிலும் ஒண்டிக்கட்டை. அக்கா போன் செய்தாலும் "சாப்பிட்டியா" என்று கேட்ட வாயோடு வைஃபை வரவில்லை என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை, யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டைத் திருடி வெளியாள் உள்ளே நுழைந்தது தெரியவந்தது. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும், அதற்குப்பின் பழையது செல்லாது என்று முடிவானது. அறிவிப்பை எழுதும் பொறுப்பு இவருக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அத்தனை திருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். எழுதி முடித்ததும் ஆசை விடவில்லை. "உடனே மாற்ற இங்கே அழுத்தவும்" என்று பெரிய நீலப் பட்டன் ஒன்றைக் கீழே வைத்து அனுப்பினார்.

அங்கேதான் கோட்டை விட்டார். அவசரம் என்று மிரட்டி எதையாவது அழுத்தச் சொல்லும் மெயிலை நம்பாதீர்கள், உடனே புகார் செய்யுங்கள் என்று மாதம் தவறாமல் எழுதி வந்தவரும் அவரேதான். யாரும் படிப்பதில்லை என்று நினைத்திருந்தார். எல்லோரும் படித்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருநூற்று அறுபது புகார். மோசடி மெயில் என்று முடிவு கட்டி, கம்ப்யூட்டரே அதை எல்லோருடைய பெட்டியிலிருந்தும் அகற்றிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். பட்டன் இல்லாமல் வேறு மெயில் போகட்டும், ஆனால் அதையும் யார் நம்புவார்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றார். கடைசியில் குரலைத் தணித்து, "வியாழக்கிழமைக்குள்ள முடியலன்னா இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாம்னு மேல பேசிக்கிறாங்க" என்றார்.

அச்சடித்த தாள்களோடு இவர் மாடி ஏறினார். போன இடத்திலெல்லாம் "யார் நீங்க?" என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டினார். படத்தில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. முதல் இரண்டு மாடிகளிலும் ஒருவரும் மசியவில்லை.

மூன்றாவது மாடி ஆவணப் பிரிவில் ஒரு அம்மா. வாரம் இருமுறையாவது போன் செய்கிறவர்; வாயைத் திறந்ததுமே குரலை வைத்து இவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அந்த அம்மாவோ தாளைப் பார்த்ததும், இவர் பேசுவதற்குள், கீபோர்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டு விஷயமா நேர்ல யார் வந்தாலும் நம்பாதீங்கன்னு ஹெல்ப்டெஸ்க்காரர் சொல்லியிருக்கார். நான் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

அந்த அம்மா தன் அட்டையின் பின்புறம் இருந்த ஹெல்ப்டெஸ்க் எண்ணைப் பார்த்து அழுத்தினார். மேஜை போனுக்கு வரும் அழைப்பு செல்போனுக்கு வரும்படி இவர் மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்தார். பழக்க தோஷம்.

"ஹெல்ப்டெஸ்க், சொல்லுங்க."

அந்த அம்மா ரிசீவரைக் காதிலிருந்து மெல்ல இறக்கினார். "நீங்கதானா அது?"

அதன்பின் வேலை தானாக நடந்தது. அந்த அம்மாவே மற்ற பிரிவுகளுக்குப் போன் போட்டு, வந்திருப்பவர் நம்ம ஆள்தான் என்று சொல்லிவிட்டார். இவர் விளக்கினார்: கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள், பழையது ஒருமுறை, புதியது இருமுறை, பதினான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது, செல்போனில் மெயில் பார்த்தால் அங்கேயும் புதியதைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தட்டும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுத்தவர் பாஸ்வேர்டைப் பார்க்கக் கூடாது என்பதும் அவர் எழுதியதுதான். வியாழன் நாலரைக்கு, விடுப்பில் இருந்த ஒன்பது பேர்தான் பாக்கி. வேலை தப்பியது.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்து, புது பாஸ்வேர்டை மறந்து உள்ளே நுழைய முடியாமல் தவிப்பவர்களுக்காகக் காத்திருந்தார். ஒரு அழைப்புகூட இல்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். போன் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் லிஃப்டில் ஏறினார். உள்ளே அந்த அம்மா. இவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மாடி எண்கள் மாறுவதைப் பார்க்கத் தொடங்கினார். அன்று சுவரைப் பார்த்து நின்ற முதுகைத்தானே பார்த்திருக்கிறார் என்று இவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் வலித்தது. இரண்டாவது மாடி தாண்டியதும் பொறுக்க முடியவில்லை.

"புது பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதானே?"

அந்த அம்மா சட்டென்று திரும்பினார். முகம் மலர்ந்தது.

"அட, போன்ல இருக்கறவரா?"

"ஆமாம்மா" என்றார்.