சுவருக்கு ஒரு மனு

கலெக்டர் ஆபீஸ் எதிரே எங்கள் டைப்பிங் சென்டரில் சகாயசெல்விக்குப் பக்கத்து மேசை என்னுடையது. ஊருக்கெல்லாம் பட்டா, பென்ஷன், சாக்கடை என்று மனு அடித்துக் கொடுப்பவள், தன் வீட்டுச் சுவருக்காக ஒரு வரி எழுத நான்கு வருடம் யோசித்தாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் குடியிருப்பது கீழ்வீடு. மாடியில் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, ஒட்டன்சத்திரத்துக்காரர். படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கிக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அவரே பெயிண்ட் அடித்துத் தருவார். மாசியில் பெயிண்ட் உரிந்து பூஞ்சை எட்டிப் பார்க்கும். இவ்வளவு நல்ல மனுஷரிடம் எப்படிக் குறை சொல்வது என்பாள். அந்த வருட மழைக்கு ஆறு வயது மகள் இளவேனிலுக்கு வீசிங் வந்தது. அந்த அறையில் படுக்க வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து அடித்தாள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி பூச வேண்டும். கொத்தும்போது தூசி, வீசிங் உள்ள மகளின் மூச்சில் ஏறாதபடி ஓர் ஏற்பாடு வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

மறுநாள் நாச்சிமுத்து கடிதத்தோடு கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கலெக்டர் வரைக்கும் போயிட்டீங்களா?"

வாங்கிப் பார்த்தால், கடிதத்தின் அடியில் 'நகல்: மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர்.'

"அய்யய்யோ, யாருக்கும் அனுப்பலைய்யா! தெனம் அடிச்சு அடிச்சு கை தானா அடிச்சிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பாப்பாவுக்கு மூச்சு முட்டுறதே இதைப் படிச்சுத்தானுங்க தெரியும்" என்றார்.

அவர் கூட்டி வந்த பிளம்பர் இருதயநாதன் மாடி பாத்ரூமில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினார். மறுநாள் கீழே சுவரில் நீலம் கசிந்தது. நான்கு வருடமாகச் சுவரில் இறங்கியது தான் குளித்த தண்ணீர்தான் என்று தெரிந்ததும் நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். பாத்ரூம் குழாய் இணைப்பை மாற்றினார்கள். பூச்சைக் கொத்திய நாட்களில் இளவேனில் மாடியில் நாச்சிமுத்து வீட்டாரோடு இருந்தாள். அதன் பிறகும் அவளை அந்த அறைக்குள் விடாமல், ஹாலில்தான் படுக்கை.

பொங்கலுக்கு வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட்; அந்தச் சுவர் மட்டும் வெறும் செங்கல். வந்த சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். "காயட்டுமுங்க" என்று நாச்சிமுத்து ஒரே பதிலாகச் சொல்லிவிட்டார்.

சித்திரையில் பூசி முடித்ததும் மறுபடி கடைக்கு வந்தார். "பதில் கடிதம் ஒண்ணு அடிங்க அம்மிணி. சுவர் காஞ்சிருச்சு, பூசியாச்சு, பாப்பா இனி அந்த ரூம்ல படுக்கலாம். அடியில நகல் போடோணும்."

"யாருக்குய்யா?"

"இளவேனில், ஒண்ணாம் வகுப்புன்னு போடுங்க."

சகாயசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு இளவேனிலுக்கு வீசிங் வரவில்லை.