ஷார்ஜாவிலிருந்து வந்த வினாத்தாள்

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கேள்வித்தாள் ஷார்ஜாவிலிருந்து வந்துவிட்டது என்று ஊருக்குள் பேச்சு. அரசாங்கம் பூட்டி, சீல் வைத்து, போலீஸ் காவல் போட்ட தாள் கடல் கடந்து போய், அங்கிருந்து பேரீச்சம்பழ டப்பாவோடு ஏன் திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தால் எதுவும் அசல்தான். தைலமானால் என்ன, வினாத்தாளானால் என்ன?

பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், முதலில் சிக்கியவர் டீக்கடை மாஸ்டர். அவருக்குச் சொன்னவர் ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்குச் சொன்னது, ஷார்ஜாவிலிருந்து பெருநாளுக்கு லீவில் வந்திருந்த பக்கீர் முகம்மதுவேதான். அவர் சொன்னது என்னவோ இவ்வளவுதான்: "நம்ம ஜாபிர் தங்கச்சிக்கு ஒரு கவர் குடுத்துவிட்டிருக்கான். இங்கிலீஷ் பரீட்சைக்கு உண்டானது எல்லாம் அதுல இருக்காம்." அந்த 'எல்லாம்' இரண்டு தெரு தாண்டியதும் தாளாகி, மூன்றாவது தெருவில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடையோடும் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே கடற்கரை வரைக்கும் எந்த முஸ்லிம் தெருவிலும் வளைகுடாவிலிருந்து ஒருவர் ஊர் வருகிறார் என்றால் அவர் பெட்டியில் பாதி அவருடையதாக இருக்காது. யார் யாரோ கொடுத்துவிட்ட சாமான். வந்த மறுநாளே வீடு வீடாகப் போய் ஒப்படைக்க வேண்டும். திரும்பிப் போகும்போது அந்தந்த வீடுகளிலிருந்து கருவாடும் ஊறுகாயும் அதே பெட்டியில் ஏறும். பெற்றுக்கொண்ட வீடு வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

ஜாபிரின் தங்கை ரிஃப்காவுக்கு அந்தக் கவர் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் வந்து சேர்ந்தது. தமிழ்ப் பரீட்சை முடிந்திருந்தது. பெருநாள் கழித்து ஒருநாள் இடைவெளி விட்டு இங்கிலீஷ். அரையாண்டில் அவள் பாஸாகாத ஒரே பாடம் அதுதான். இதில் தேறாவிட்டால் ஆயிஷாவோடு சேர்ந்து பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் என்ற கனவு அத்தோடு சரி.

ஆனால் கவரைப் பிரிக்கும்போது ரிஃப்கா தேடியது வேறு. காக்கா எப்போது வருவார்? அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஜாபிர் போய் மூன்று பெருநாள் ஆகிறது. மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது நான் பாலத்து மேல நிப்பேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். தண்ணீர் வரும். பாலமும் அங்கேயேதான் இருக்கிறது.

போனில் பேசலாமே என்றால், போன் பீரோவுக்குள் இருந்தது. பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்று உம்மா மெஹராஜ் பேகம் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். வெள்ளிக்கிழமை வீடியோ கால் வரும்போது மட்டும் வெளியே வரும். வந்தால், "சாப்பிட்டியா வாப்பா, இளைச்சிட்டியே வாப்பா" என்று மகனைக் கொஞ்சியே உம்மா முழுவதையும் பேசி முடிப்பாள். ரிஃப்காவுக்குத் திரையின் ஓரத்தில் கையாட்ட மட்டும் நேரம் கிடைக்கும். ஜாபிருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அதனால்தான் தான் வேலை பார்க்கும் கடையின் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் கையால் எழுதியிருந்தான்.

"ரிஃப்கா, இதை மேட்ச் பார்த்துக்கிட்டு எழுதலை, குடோன்ல உட்கார்ந்து யோசிச்சு எழுதறேன். முதல் பத்து நிமிஷம் வாசிக்கத்தான் தருவாங்க. பேனாவைத் தொடாதே. கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பிப் பாரு. நான் ப்ளஸ் டூவுல கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. பெரிய மார்க் கேள்வி ரெண்டு அங்கதான் இருந்துச்சு. வெளிய வந்து பசங்க பேசும்போதுதான் தெரிஞ்சுது. அதான் இங்க அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டிருக்கேன்.

மனப்பாடப் பாட்டை முதல்லயே எழுதிடு. அப்புறம்னு வெச்சா மறந்துடும். கேள்வி நம்பரைச் சரியாப் போடு. ஒரு மார்க்குக்கு எழுத்தை மட்டும் போடாதே, விடையையும் சேர்த்து எழுது. ரோடு மேப் வந்தா, தாளை நீ நடக்கிற பக்கம் திருப்பி வெச்சுக்க. நம்ம பள்ளிவாசல்லேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கற மாதிரி நெனச்சுக்க. இல்லேன்னா லெஃப்டும் ரைட்டும் மாறிடும். படத்தைப் பார்த்து எழுதறதை விட்டுடாதே, கண்ணுல படறதை அஞ்சு சின்ன வாக்கியமா எழுதினா மார்க். தப்பா எழுதினா ஒரே கோடா அடி, அதுமேலயே எழுதாதே, ஒயிட்னர் வேண்டாம்.

முக்கியமா லெட்டர் கேள்வி. உன் பேரு, நம்ம ஊரு, என் பேரு எதையும் எழுதிடாதே. கேள்வியில என்ன பேரு குடுத்திருக்கானோ அதுதான். இல்லேன்னா எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய். திருத்துறவங்களுக்கு நீ யாருன்னே தெரியக்கூடாது.

பரீட்சை முடிஞ்சதும் பதில் எழுது. போன்ல வேண்டாம். கையால எழுதி பக்கீர் மாமாகிட்ட குடு. இங்க ரூம்ல எல்லாருக்கும் மெசேஜ் வருது, லெட்டர் யாருக்கும் வர்றதில்லை."

ரிஃப்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பில் பக்கத்தில் இருபது கிலோ அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், டயப்பர். வருவதைப் பற்றி ஒன்றுமில்லை.

பெருநாள் அன்று வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மெஹராஜ் பேகமே அசந்துபோனாள். ஸலாம் சொல்லிவிட்டு, பிரியாணியை முடித்துவிட்டு, எல்லோரும் ஒரே பேச்சுக்கு வந்தார்கள்.

"அந்த கவரு… சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுத் தர்றேனே?"

"எம்புள்ள தங்கச்சிக்கு எழுதுனதுங்க அது."

"அதான் சொல்றேன் மெஹராஜு, ஊருப் புள்ளைங்க எல்லாம் அவனுக்குத் தங்கச்சிதானே?"

மறுநாள் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். வாசலிலேயே ஆயிஷா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், எனக்கு மட்டும் காட்டுடி. எங்க உம்மா சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்க உம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே வந்திருக்கே?"

"அவங்க கணக்குல வரமாட்டாங்க."

இங்கிலீஷ் எடுக்கும் மங்களாம்பிகை டீச்சர் காதுக்கும் பேச்சு எட்டியிருந்தது. வகுப்புக்குள் வந்து கையை நீட்டினார். "குடு, பார்ப்போம். இது மாதிரி பேச்சு கிளம்பினா எனக்குத்தான் மெமோ வரும்." ரிஃப்கா கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாக வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, மறுபடி வாசித்தார். வகுப்பே, எந்தப் பாட்டு, எந்தப் பாடம் என்று காத்திருந்தது.

"ஏண்டி," என்றார் டீச்சர் கடைசியில், "ஒரு வருஷமா இதையேதானே தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன்? ஷார்ஜாவிலேர்ந்து வந்தாத்தான் கேப்பீங்களா? அப்படின்னா என்னையும் ஒரு விசா எடுத்து அங்க அனுப்புங்கடி, லெட்டராப் போட்டுடறேன்."

வகுப்பு சிரித்தது. கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை டீச்சரே கரும்பலகையில் எழுதிப்போட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்று வரை ரோடு மேப்புக்குத் தாளைத் திருப்பிப் பார்க்காதவள்கூடத் திருப்பிப் பார்த்தாள். கடிதத்தைத் திருப்பித் தரும்போது டீச்சர் மெதுவாக, "பதில் போட்டுடு," என்றார்.

பரீட்சை அன்று பஸ் ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்களில் பெண்கள் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு வறண்டு, பாலத்தின் கால்கள் தெரிந்தன. தேர்வு அறையில் ரிஃப்கா காக்கா சொன்னபடியே செய்தாள். பேனாவைத் தொடாமல் கடைசிப் பக்கம்வரை திருப்பினாள். பெரிய மார்க் கேள்விகள் அங்கே இருந்தன. மனதுக்குள், இருக்கு காக்கா, என்றாள். பாட்டை முதலில் எழுதினாள். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பள்ளிவாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பெரிய கேள்விகளில் ஒன்றை முழுதாக முடித்தாள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

பிறகு கடிதக் கேள்விக்கு வந்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு, ஊரில் கொண்டாடிய விழாவைப் பற்றி எழுதுக.

பேனா தானாகவே ஓட ஆரம்பித்தது. அன்புள்ள ஜாபிர் காக்கா என்று தொடங்கினாள். பெருநாள் தொழுகைக்குப் பிறகு உம்மா உங்கள் தட்டையும் எடுத்து வைத்தார்கள், பிறகு யாரும் பார்க்காதபோது எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். உங்கள் சட்டை இப்போது எனக்கே சரியாக இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை, ஜூனில் வரும், நீங்கள் எப்போது வருவீர்கள்? தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் அங்கே வந்து நின்றது. தெரியாத வார்த்தைக்கெல்லாம் பக்கத்து வார்த்தை ஒன்று கைகொடுத்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்த மொழியில் உண்மையாக எழுதியது அதுதான் முதல் முறை. பக்கம் நிரம்பி, அடுத்த பக்கமும் பாதி தாண்டி, கீழே 'உங்கள் ரிஃப்கா' என்று போட்டு, முகவரிக்கு ஷார்ஜா என்று எழுதியபோதுதான் கை நின்றது.

உன் பேரு, நம்ம ஊரு, என் பேரு.

அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். யாரோ ஒரு டீச்சர் படிப்பார். படிக்கட்டுமே. எச்சரிக்கை மணி அடித்தது. ரிஃப்கா ஸ்கேலை வைத்து, அந்தக் கடிதத்தின் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோடு. பிறகு கேள்வி நம்பரைத் திரும்பப் போட்டு, அன்புள்ள எக்ஸ் எக்ஸ் எக்ஸ், இங்கு அனைவரும் நலம், விழா மிகவும் மகிழ்ச்சியாக நடந்தது என்று ஐந்து வரி எழுதினாள். அவசரத்தில் இரண்டாவது பெரிய கேள்வி பாதியில் நின்றது.

வெள்ளிக்கிழமை போன் பீரோவிலிருந்து வெளியே வந்தது. உம்மா அடுப்பில் எதையோ கவனிக்கப் போன இடைவெளியில் ரிஃப்கா திரையின் நடுவுக்கு வந்தாள்.

"லெட்டர் கேள்வி எப்படி எழுதினே?" என்றான் ஜாபிர்.

"நீங்க சொன்ன மாதிரிதான் காக்கா. எக்ஸ் எக்ஸ் எக்ஸ்."

"கெட்டிக்காரி. எனக்கு லெட்டர்?"

அவள் பதில் சொல்வதற்குள் உம்மா வந்துவிட்டாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. ரிஃப்கா பாஸ். இங்கிலீஷில் அறுபதைத் தாண்டியிருந்தாள். கம்ப்யூட்டர் குரூப்புக்கு அது போதும். "ஷார்ஜா தாள் வேலை செஞ்சுடுச்சு பார்த்தியா!" என்று டீக்கடை மாஸ்டர் இன்றுவரை அடித்துச் சொல்கிறார்.

பக்கீர் முகம்மது அதற்கு முன்பே கிளம்பியிருந்தார். பெட்டி கட்டும்போது மெஹராஜ் பேகம் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தாள். "தங்கச்சி குடுக்கற லெட்டர்?" என்று அவர் வாசலில் நின்று கேட்டார். ரிஃப்கா ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து பார்த்திருந்தாள். எழுத வேண்டியது எல்லாம் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டது. பெயர் தெரியாத ஊரில் ஏதோ ஒரு விடைத்தாள் கட்டுக்குள், குறுக்கே கோடு போட்டு, திருத்துகிறவர் பார்க்கவே வேண்டாத பக்கமாக அது கிடக்கிறது. இரண்டாவது தடவை எழுதினால் நலம், நலமறிய ஆவல் என்றுதான் வருகிறது.

"அடுத்த ஆள் போகும்போது தர்றேன் மாமா," என்றாள்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார்கள். இருவரும் வாசலில் நின்று கேட்டார்கள். இருவருக்கும் அதே பதில்தான்.